நாயை நடிக்கச் சொல்லாதீர்கள்

பேசும் குதிரையை வைத்து அமெரிக்காவில் எடுத்த 'மிஸ்டர் எட்' தொடர் 1961 முதல் 1966 வரை ஓடியது. குதிரையின் வாயில் கச்சான் பட்டர் பூசித்தான் உதட்டை அசைய வைத்தார்கள் என்று ஒரு கதை இன்னும் உலவுகிறது. அதில் நடித்த அலன் யங்கே அவிழ்த்துவிட்ட கதை அது. அப்புறம் அவரே உண்மையையும் சொன்னார். பயிற்சியாளர் லெஸ் ஹில்டன் முதலில் வாய்க்குள் நைலோன் நூலை வைத்திருக்கிறார். பிறகு குளம்பைத் தொட்டாலே உதட்டை அசைக்கக் குதிரை பழகிவிட்டது. குரல் வேறொரு நடிகருடையது.

எங்கள் ஒழுங்கையில் பெடியள் குறும்படம் எடுத்தபோது, நாயின் வாயிலும் எதையாவது பூசலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ஆனால் அவர்கள் விட்ட பெரிய தவறு வேறு. பள்ளிக்கூடத்தால் வரும் பிள்ளைக்காக நாய் படலையடியில் காத்திருந்து, கண்டதும் ஓடி வரவேண்டும். அதை முழுதாக ஒரே ஷொட்டில் எடுக்கப் பார்த்தார்கள். கமராக்காரன் "மணி, மணி" என்று கூப்பிட, நாய் லென்சையே பார்த்தது. பின்னால் நின்ற நாலு பேரும் சேர்ந்து கூப்பிட்டதும் எங்கே போவதென்று தெரியாமல் திண்ணைக்குக் கீழே புகுந்துகொண்டது.

மறுநாள் காலை, வெயில் ஏறமுதல், சாப்பாடு வைக்காமல் தொடங்கினோம். கூப்பிடும் உரிமை நாயை வளர்த்த அம்மாவுக்கு மட்டும். அவர் கமராவுக்கு இரண்டு அடி இடப்பக்கம், ஒழுங்கைப் பக்கமாகக் குந்தியிருந்து, பொரித்த மீன் துண்டைப் பிள்ளையின் முக உயரத்தில் பிடித்தார். நாய் காதை நிமிர்த்திப் பார்த்தது. மூன்று செக்கன் போதும், வெட்டு. பிள்ளை வரும் காட்சியை நாய் இல்லாமலே தனியாக எடுத்தோம். ஓடி வருவதற்கு, அம்மா பிள்ளையின் பின்னால் மறைந்து நின்று ஒரு தரம் மட்டும் கூப்பிட்டார். மூன்றையும் அடுத்தடுத்து ஒட்டியதும், நாய் பிள்ளைக்காகவே ஏங்கியது போல இருந்தது. அது மீனைப் பார்த்த பார்வை என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

துண்டு சுண்டுவிரல் நகமளவுக்கு மேல் போகக்கூடாது. முதல் நாள் முழு மீனையும் கொடுத்ததில் மூன்றாவது டேக்குக்கு முன்பே நாய்க்கு வயிறு நிறைந்துவிட்டது. கொட்டாவி விடுகிறது, மூக்கை நக்குகிறது, தலையைத் திருப்பிக்கொள்கிறது என்றால் உடனே நிறுத்துங்கள். பத்து நிமிடம் நிழலில் விட்டு, தண்ணீர் வைத்துப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

சத்தத்தில்தான் நாங்களும் கோட்டைவிட்டோம். மீன் காட்டும்போது அம்மா பேசியதெல்லாம் பதிந்திருந்தது, வெட்டினால் அந்த இடம் ஊமையாகிவிடும். ஆள் பேச்சில்லாத ஒழுங்கைச் சத்தத்தைத் தனியாக ஒரு நிமிடம் பதிந்திருந்தால் அங்கே ஒட்டியிருக்கலாம். அதற்காகவே திரும்பவும் போனோம். காகம் வேண்டியளவு கிடைத்தது.