படத்தை வைத்தே கண்டுபிடிப்பது எப்படி: பிளாஸ்க், டிபன் கேரியர், லஞ்ச் பாக்ஸ்

ஆன்லைன் கடையில் "இன்சுலேட்டட்" என்ற சொல்லை எதன் மீதும் ஒட்டிவிடுகிறார்கள். அதனால் பெயரை விட்டுவிட்டுப் படத்தைப் பாருங்கள். பாத்திரத்தின் வாய், அடி, பக்கச்சுவர் மூன்றும் தெரிந்தால் அது எப்படிச் செய்யப்பட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

படி 1: மூடி திறந்த படத்தைத் தேடுங்கள்

முதலில் விளிம்பைப் பாருங்கள். ஒற்றைச் சுவர் எவர்சில்வர் பாட்டிலில் விளிம்பு ஒரே தகடாக, மெல்லியதாகச் சுருண்டிருக்கும். இரட்டைச் சுவர் பிளாஸ்க்கில் உள் தகடும் வெளித் தகடும் வாயருகே ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே உள்சுவர் சற்று உள்வாங்கியே இருக்கும்.

வெளியே அழுத்திய வரிப்பள்ளம் இருந்தால் இன்னும் சுலபம். அதே பள்ளம் உட்பக்கம் மேடாகத் தெரிந்தால் அது ஒற்றைச் சுவர்தான். உள்ளே வழவழப்பாக இருந்தால் இரண்டு சுவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

உட்பக்கம் கண்ணாடி போல முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தால், வெளியே பிளாஸ்டிக் உடல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது கண்ணாடிக் குடுவை வைத்த பழைய வகை பிளாஸ்க். எவர்சில்வர் உட்பக்கம் கொஞ்சம் மங்கலாகவே இருக்கும்.

படி 2: அடியைப் பாருங்கள்

வெற்றிட பிளாஸ்க்கின் அடியில் பெரும்பாலும் தனியாக ஒரு வட்டத் தகடு பற்றவைத்திருப்பார்கள். நடுவே சிறிய குழியோ வட்டப் புள்ளியோ இருக்கும். காற்றை உறிஞ்சி அடைத்த இடம் அதுவாக இருக்கலாம். ஆனால் சில வகைகளில் மேலே ஒரு மூடுதகடு வைத்து அதை மறைத்துவிடுவதால், புள்ளி இல்லை என்பதற்காக வெற்றிடம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

படி 3: அளவை வைத்துச் சரிபாருங்கள்

படம் ஏமாற்றினாலும் கணக்கு காட்டிக்கொடுக்கும். ஒரு பாட்டிலின் உயரம் 26 செ.மீ., விட்டம் 7 செ.மீ. என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரையில் ஸ்கேல் வைத்து அளந்தால் மொத்தம் 13 செ.மீ., அதில் மூடி மட்டும் 2 செ.மீ. அப்படியானால் நிஜ மூடி 4 செ.மீ., உடல் 22 செ.மீ. வெளிப்புறக் கொள்ளளவு 3.14 × 3.5 × 3.5 × 22, அதாவது சுமார் 845 மில்லி.

கொள்ளளவு 800 மில்லி என்று எழுதியிருந்தால், இன்னொரு சுவருக்கு அங்கே இடமே இல்லை. 600 மில்லி என்றால் கழுத்தின் குறுகலையும் அடியையும் கழித்த பிறகும் பக்கத்துக்கு நாலைந்து மில்லிமீட்டர் இடைவெளி மிஞ்சும். அது இரட்டைச் சுவர். மேலிருந்து சாய்வாக எடுத்த படத்தில் மூடி பெரிதாகத் தெரிந்து கணக்கைக் கெடுத்துவிடும். நேராக எடுத்த படத்தையே அளக்க வேண்டும்.

படி 4: அடுக்குகளைப் பிரித்துப் பாருங்கள்

டிபன் கேரியரை அடையாளம் காண்பது எளிது. ஒவ்வொரு அடுக்கின் அடியும் கீழடுக்கின் வாய்க்குள் இறங்கி உட்காரும். பக்கவாட்டுக் கம்பியும் மேல் கிளிப்பும் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும். லஞ்ச் பாக்ஸ் என்றால் பெரும்பாலும் ஒரே பெட்டி, சுற்றிலும் கிளிப், மூடிக்குள் ரப்பர் அல்லது சிலிக்கான் வளையம்.

குழப்பம் வருவது, பிளாஸ்டிக் உறைக்குள் எவர்சில்வர் டப்பாக்களை அடுக்கிய வகையில்தான். தனியே எடுத்து வைத்த டப்பாவின் விளிம்பைப் பாருங்கள். மெல்லிய ஒற்றைத் தகடாக இருந்தால் சூட்டைக் காப்பது வெளி உறை மட்டுமே. உறையின் சுவர் தடிமனாக இருந்தால் உள்ளே ஃபோம் இருக்க வாய்ப்பு உண்டு, வெறும் காற்றாகவும் இருக்கலாம். வெற்றிட பிளாஸ்க் அளவுக்கு அதில் சூடு நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

படி 5: உலோகம் எது?

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், காதுகள் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். எவர்சில்வர் கேரியரில் கைப்பிடி சேரும் இடத்தில் சிறு வட்டத் தழும்புகள் தெரியும். அவை ஸ்பாட் வெல்டிங் அடையாளங்கள். அலுமினியத்தில் அநேகமாக ரிவெட் தலைகள் துருத்திக்கொண்டிருக்கும். உடலும் பால்சாம்பல் நிறத்தில், கூர்மையான பிரதிபலிப்பு இல்லாமல் இருக்கும். பித்தளைக் கேரியரில் வெளியே மஞ்சள், உள்ளே வெள்ளீயம் பூசிய வெண்சாம்பல். உட்பக்கத்தில் மஞ்சள் திட்டுகள் எட்டிப்பார்த்தால் ஈயம் தேய்ந்துவிட்டது. புளிக்குழம்போ தயிரோ வைக்கும் முன் அதற்கு மறுபடி ஈயம் பூச வேண்டும்.

செம்பு நிற பாட்டிலில் வாயின் உட்பக்கம் வெள்ளியாகத் தெரிந்தால், வெளியே இருப்பது நிறப்பூச்சாகவோ மேல்பூச்சாகவோ இருக்கலாம். தண்ணீர் தொடுவது எவர்சில்வரைத்தான்.

இத்தனை பார்த்தும் ஒன்று மட்டும் படத்தில் தெரியாது: இரட்டைச் சுவருக்கு நடுவே வெற்றிடம் இன்னும் இருக்கிறதா என்பது. பயன்படுத்திய பிளாஸ்க் என்றால் கொதிநீர் ஊற்றி மூடி, ஐந்து நிமிடம் கழித்து வெளிச்சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கழுத்துப் பகுதி கொஞ்சம் சுடுவது இயல்பு. நடு உடலே சுட்டால் வெற்றிடம் போய்விட்டது, அதை வாங்காதீர்கள்.