ரெஸ்யூமேயில் சிக்கிய இரண்டு எண்கள்

வாளையாருக்கு அப்பால் கஞ்சிக்கோட்டில் வார்ப்பு ஆலை வேலை. புது வேலைக்கு ரெஸ்யூமே எழுத நான்கு நாள் வீணானது. முதல் வரி: "கழிவு 8%-லிருந்து 5% ஆனது, மாதம் 12 லட்சம் மிச்சம்" (எண்களை மாற்றியிருக்கிறேன்). கம்பெனியின் உள்கணக்கு வெளியே தெரியக்கூடாதே என்று கம்பெனி பெயரை எடுத்தேன். ஆனாலும் முந்தைய வேலைகளை வைத்தே எந்தக் கம்பெனி என்று ஊகிக்கலாம். எண்களை எடுத்தேன், வரி செத்துப்போனது.

அப்புறம்தான் கவனித்தேன்: 3 சதவீதப் புள்ளிக்கு 12 லட்சம் என்றால், மாத உற்பத்திச் செலவு சுமார் 4 கோடி என்று யாரும் கணக்குப் போடலாம். சிக்கல் அந்த ஜோடியில்தான். ரூபாயையும் தொடக்க, முடிவு அளவுகளையும் விட்டுவிட்டு, விகிதத்தை மட்டும் வைத்தேன்:

"மணல் ஈரத்தை ஷிஃப்டுக்கு இருமுறை சோதிக்கும் முறையைத் தொடங்கி, எட்டு மாதத்தில் வார்ப்புக் கழிவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தேன்."

மணல் அச்சில் வார்க்கும் ஆலைகளில் மணல் சோதனை வழக்கம்தான், ரகசியமில்லை. எங்கள் கலவை விகிதம்தான் ரகசியம்; அதைத் தொடவில்லை. இன்டர்வியூவில் தொகை கேட்டார்கள். "அது கம்பெனிக் கணக்கு, செய்த முறையைச் சொல்கிறேன்" என்றேன். சரி என்று அதையே கேட்டார்கள்.