அம்மோனியாச் சமநிலையில் ஃபியூகாசிட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெப்பநிலை மாறாதவரை சமநிலை மாறிலியும் மாறாது என்று நாம் அனைவரும் படித்திருக்கிறோம். ஆனால் 1923-இல் லார்சனும் டாட்ஜும், 1924-இல் லார்சன் தனியாகவும் அமெரிக்காவில் அம்மோனியாத் தொகுப்பை உயர் அழுத்தங்களில் அளந்து வெளியிட்ட எண்களை எடுத்து, பகுதி அழுத்தங்களைக் கொண்டு K_p கணக்கிட்டால் அந்த விதி பொய்த்துப்போனதுபோலத் தோன்றும். வினையை இப்படி எழுதிக்கொள்வோம்:

½ N₂ + 3/2 H₂ ⇌ NH₃

நைட்ரஜனும் ஹைட்ரஜனும் 1:3 விகிதத்தில் கலந்திருக்க, வெப்பநிலை 450 °C-இல் நிலையாக இருக்கும்போது, 10 வளிமண்டல அழுத்தத்தில் K_p ஏறத்தாழ 0.0066 ஆகவும், 100-இல் 0.0073 ஆகவும், 300-இல் 0.0088 ஆகவும், 1000-இல் 0.023 ஆகவும் வருகிறது. அதாவது மாறிலி எனப்பட்டது மூன்றரை மடங்கு பெருத்துவிட்டது.

இதைக் கண்டதும் பலரும் சொல்லும் முதல் விளக்கமே முதல் தவறு. "அழுத்தத்தைக் கூட்டினால் மோல் எண்ணிக்கை குறையும் பக்கம் சமநிலை நகரும், லீ சாட்லியர் தத்துவம் சொல்வது அதுதானே, ஆகவே K_p கூடுகிறது" என்பார்கள். சமநிலை நகர்வது உண்மைதான். ஆனால் அந்த நகர்வுக்கு K_p மாறத் தேவையே இல்லை. K_p-ஐ 0.0066 என்றே நிறுத்திவைத்து 300 வளிமண்டலத்துக்குக் கணக்கிட்டாலும், கலவையில் அம்மோனியாவின் பங்கு 10 வளிமண்டலத்தில் இருந்த 2 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 31 விழுக்காட்டுக்கு உயரும். லீ சாட்லியர் தத்துவம் சொல்லும் உயர்வு முழுவதும் இதற்குள் அடங்கிவிட்டது. சோதனையில் கிடைத்ததோ 35.5 விழுக்காடு. 31-க்கும் 35.5-க்கும் இடையிலான அந்த எச்சத்துக்குத்தான் வேறு காரணம் வேண்டும். வாயுக்கள் நல்லியல்பு வாயுக்களாக நடந்துகொள்ளவில்லை என்பதே அந்தக் காரணம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறவர், சமநிலைக் கோவையில் அழுத்தத்தின் இடத்தில் அமரும் ஃபியூகாசிட்டி என்ற அளவு எதற்காக வந்தது என்பதையே தவறவிட்டுவிடுகிறார்.

சமநிலை நிபந்தனைக்குள் அழுத்தம் எப்படி நுழைந்தது என்று பார்த்தால் அது ஏன் வெளியேற வேண்டியிருக்கிறது என்பதும் விளங்கும். சமநிலையைத் தீர்மானிப்பது அழுத்தம் அன்று. ஒவ்வொரு பொருளுக்கும் கலவைக்குள் ஒரு மோலுக்கு உரிய கிப்ஸ் ஆற்றல்தான் தீர்மானிக்கிறது. நிலையான வெப்பநிலையில் ஒரு தூய வாயுவின் மோலார் கிப்ஸ் ஆற்றல் dG = V dP என்ற முறையில் மாறுகிறது. நல்லியல்பு வாயுவுக்கு V-இன் இடத்தில் RT/P என்று எழுதலாம் என்பதால் dG = RT d ln P என்றாகிறது; K_p-க்குள் அழுத்தங்கள் பெருக்கலும் வகுத்தலுமாக வந்து அமர்வது இந்த மடக்கையின் வழியாகத்தான். வாயு நல்லியல்பிலிருந்து விலகியதும் V = RT/P என்ற படி அறுந்துபோகிறது, அதோடு P-க்கு அந்த இடத்தில் இருக்கும் உரிமையும் போய்விடுகிறது. 1901-இல் கில்பர்ட் லூயிஸ் செய்தது, சமன்பாட்டின் வடிவத்தை அப்படியே காப்பாற்றி, அதற்குப் பொருந்தும் f என்ற ஓர் அளவை, அதாவது ஃபியூகாசிட்டியை, புதிதாக வரையறுத்தது. dG = RT d ln f என்பது அந்த வரையறையின் ஒரு பாதி. அழுத்தம் சுழியை நெருங்கும்போது f/P என்ற விகிதம் 1-ஐ நெருங்க வேண்டும் என்பது மறுபாதி. இரண்டாம் பாதியை மனப்பாடத்தில் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அது இல்லாவிட்டால் f-க்கு நிலையான மதிப்பே கிடையாது, ஏனெனில் முதல் பாதி மாற்றத்தை மட்டுமே சொல்கிறது.

இந்த வரையறையிலிருந்து ஓர் எச்சரிக்கை பிறக்கிறது. ஃபியூகாசிட்டியைத் "திருத்தப்பட்ட அழுத்தம்" என்று சொல்வது வழக்கம். அலகு அழுத்தத்தின் அலகுதான், ஆகவே சொல்லில் பெரிய பிழையில்லை. ஆனால் அதைக் கேட்டவுடன், அழுத்தமானி காட்டும் 300 வளிமண்டலம் ஏதோ பொய்யான எண் என்றும், f தான் உண்மையான அழுத்தம் என்றும் எண்ணிக்கொள்வது பெருந்தவறு. கொள்கலனின் சுவரை அழுத்துவது P தான். அடர்த்தி, சுவரின் தடிமன் ஆகியவற்றுக்கான கணக்கில் f-க்கு இடமில்லை. சமநிலைக் கோவையில் கிப்ஸ் ஆற்றலின் பிரதிநிதியாக அமர்வதே அதன் வேலை.

அடுத்த தவறு நன்றாகப் படித்தவர்களிடமும் காணப்படுகிறது. இயல்பு வாயுவின் விலகலை அளக்க அமுக்கத்திறன் காரணி Z = PV/RT ஏற்கெனவே இருக்கிறதே, அதையே P-யோடு பெருக்கினால் போதாதா என்ற எண்ணம்தான் அது. போதாது. f/P என்ற விகிதத்தை ஃபியூகாசிட்டி குணகம் φ என்கிறோம். அது Z-லிருந்து பின்வருமாறு கிடைக்கிறது:

ln φ = ∫₀ᴾ (Z − 1) dP/P

Z என்பது அந்த ஓர் அழுத்தத்தில் வாயு எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. φ-யோ சுழி அழுத்தத்திலிருந்து அங்கே வந்து சேரும்வரை சேர்ந்த விலகல் அனைத்தையும் சுமக்கிறது. ஒன்று இன்றைய வரவுசெலவு என்றால், மற்றது கணக்குப் புத்தகத்தின் கையிருப்பு. 0 °C-இல் உள்ள நைட்ரஜனைப் பாருங்கள். 200 வளிமண்டலத்தில் அதன் Z ஏறத்தாழ 1.04, ஒன்றைத் தாண்டிவிட்டது. ஆனால் அதே இடத்தில் φ ஏறத்தாழ 0.97 தான். தாழ்ந்த அழுத்தங்களில் மூலக்கூறுகளின் ஈர்ப்பால் Z ஒன்றுக்குக் கீழே இருந்த காலத்துக் கடன் இன்னும் அடையவில்லை. 400 வளிமண்டலத்துக்குப் போனால் Z 1.26 ஆகவும் φ 1.06 ஆகவும் இருக்கின்றன. இப்போதுதான் கடன் தீர்ந்து மிச்சம் சேரத் தொடங்கியிருக்கிறது. ஈர்ப்பு இருப்பதால் ஃபியூகாசிட்டி எப்போதும் அழுத்தத்தைவிடக் குறைவாகவே இருக்கும் என்று பாடநூல் எடுத்துக்காட்டுகளைக் கொண்டு முடிவுகட்டுபவர்களுக்கும் இந்த எண்களே விடை.

இப்போது 300 வளிமண்டலக் கணக்குக்குத் திரும்புவோம். 450 °C-இல், 300 வளிமண்டலத்தில் தூய வாயுக்களுக்கான φ மதிப்புகள் ஏறத்தாழ இவை: அம்மோனியாவுக்கு 0.91, நைட்ரஜனுக்கு 1.14, ஹைட்ரஜனுக்கு 1.09. நிலைமாறு வெப்பநிலையையும் நிலைமாறு அழுத்தத்தையும் கொண்டு பொது வரைபடத்திலிருந்து இவற்றைப் படிக்கலாம். ஹைட்ரஜனுக்கு மட்டும் அந்த இரண்டோடும் (கெல்வினிலும் வளிமண்டலத்திலும்) எட்டைக் கூட்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு, அதை மறந்தால் வரைபடம் தவறான எண்ணைத் தரும். வினையின் வடிவத்திலேயே குணகங்களையும் கோவையாக்க வேண்டும்:

K_φ = 0.91 / (1.14^½ × 1.09^(3/2)) ≈ 0.75

பகுதி அழுத்தங்களுக்குப் பதில் ஃபியூகாசிட்டிகளைக் கொண்டு எழுதும் உண்மையான மாறிலி K_f = K_p × K_φ. தாழ்ந்த அழுத்தத்தில் K_φ ஏறத்தாழ 1 என்பதால் K_f-ஐ 0.0066 என்று கொள்ளலாம். ஆகவே 300 வளிமண்டலத்தில் K_p = 0.0066/0.75 = 0.0088. சோதனை தந்த எண்ணும் அதுவே. இந்த K_p-ஐக் கொண்டு அம்மோனியாவின் பங்கைக் கணக்கிட்டால் 35.6 விழுக்காடு வருகிறது, அளந்தது 35.5. மாறியது K அன்று. K என்று நாம் எழுதிவைத்த கோவைதான் முழுமையற்றிருந்தது. திருத்தம் போகும் திசையையும் கவனியுங்கள். அம்மோனியா மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் அதன் φ ஒன்றுக்குக் கீழே இருக்கிறது. அந்த வெப்பநிலையில் மற்ற இரண்டிலும் விலக்கமே மேலோங்குவதால் அவற்றின் φ ஒன்றுக்கு மேலே இருக்கிறது. மூன்றும் ஒரே பக்கம் தள்ளுவதால்தான் விளைவு இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

இந்தக் கணக்கில் மிக எளிதாக நுழையும் பிழை, φ-ஐ எந்த அழுத்தத்தில் படிப்பது என்பதில் இருக்கிறது. அம்மோனியாவின் பகுதி அழுத்தம் சுமார் 106 வளிமண்டலம்தானே என்று வரைபடத்தில் 106-க்கு எதிரே பார்ப்பவர்கள் உண்டு. லூயிஸ்–ராண்டால் விதி சொல்வது வேறு: மொத்த அழுத்தமான 300-இல் தூய வாயுவின் φ-ஐ எடுத்து, அதோடு பகுதி அழுத்தத்தைப் பெருக்க வேண்டும். காரணம் எளிது. ஓர் அம்மோனியா மூலக்கூற்றைச் சுற்றி 300 வளிமண்டலத்துக்கு உரிய நெரிசல் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை பிற மூலக்கூறுகள் என்பதால் நெரிசல் குறைந்துவிடாது. பகுதி அழுத்தத்தில் படித்தால் K_φ சுமார் 0.9 என்று வந்து, அம்மோனியாவின் பங்கு 33 விழுக்காட்டை ஒட்டியே நின்றுவிடும். பிழையான இந்த விடை 31-க்கும் 35.5-க்கும் நடுவில் விழுவதால், திருத்தம் ஓரளவு பலித்ததுபோலத் தெரியும். அதனாலேயே பலர் பிழையைக் கண்டுகொள்வதில்லை.

அலகைப் பற்றி ஒரு சொல். K_f-க்குள் இருக்க வேண்டியவை f அல்ல, f/p° என்ற விகிதங்கள். p° என்பது திட்ட நிலையின் அழுத்தம். இந்த வினையில் மோல் எண்ணிக்கை ஒன்று குறைவதால், திட்ட நிலையை 1 வளிமண்டலத்திலிருந்து 1 பாருக்கு மாற்றினால் 0.0066 என்பது 0.0065 ஆகும். சிறு வேறுபாடுதான், ஆனால் ஒரே கணக்கில் இரண்டையும் கலக்கக் கூடாது.

1000 வளிமண்டலத்தில் இதே வழி தடுமாறுகிறது. K_p மாறாது என்று கொண்டால் அம்மோனியா 51 விழுக்காடு. தூய வாயுக்களின் φ-ஐக் கொண்டு திருத்தினால் K_φ சுமார் 0.44 ஆகி, விடை ஏறத்தாழ 64 விழுக்காடு, சோதனையிலோ 69. இதைப் பார்த்து ஃபியூகாசிட்டி என்ற கருத்தே உயர் அழுத்தத்தில் தோற்றுவிட்டது என்று எழுதுவது கடைசித் தவறு. ஃபியூகாசிட்டி வரையறை என்பதால் அதற்குத் தோல்வி கிடையாது. தோற்றது லூயிஸ்–ராண்டால் விதி. கலவைக்குள் அம்மோனியாவுக்கு அண்டையில் இருப்பவை அம்மோனியாவே என்பதுபோல் அது φ-ஐ எடுத்துக்கொள்கிறது. ஹைட்ரஜன், நைட்ரஜன் மூலக்கூறுகளோடு அது கொள்ளும் ஈர்ப்பும் விலக்கமும் வேறு. அந்த அழுத்தத்தில் கலவைக்கென்றே எழுதிய நிலைச் சமன்பாட்டிலிருந்து, கலவையின் இயைபைச் சார்ந்த φ-ஐக் கணக்கிட வேண்டும். இயைபோ விடையைப் பொறுத்தது என்பதால் ஒரு மதிப்பை ஊகித்துத் தொடங்கி, எண்கள் நிலைபெறும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டியிருக்கும். எந்த அழுத்தம்வரை நம்முடைய φ-ஐ நம்பலாம் என்று அறிய, ஒரே வெப்பநிலையில் பல அழுத்தங்களுக்குச் சோதனை எண்களைக் கொண்டு K_f-ஐக் கணக்கிட்டு வரிசையாக எழுதிப் பாருங்கள். தூய வாயுக்களின் φ-ஐக் கொண்டு எழுதினால் 450 °C-இல் 300 வளிமண்டலம்வரை எண்கள் 0.0066-ஐ ஒட்டியே நிற்கும், 1000-இல் 0.010-க்குத் தாவிவிடும். தாவல் தொடங்கும் இடத்தில் கைவிட வேண்டியது அந்த φ-ஐத்தான்.