எலக்ட்ரானின் பயனுறு நிறையைப் பட்டை வளைவிலிருந்து கணக்கிடுவது எப்படி?

காலியம் ஆர்சனைடு படிகத்துக்குள் ஓடும் எலக்ட்ரானின் நிறை, வெற்றிடத்தில் இருக்கும் எலக்ட்ரானின் நிறையில் 0.067 பங்கு என்று பாடப் புத்தகத்தில் போட்டிருக்கும். முதன்முதலாகப் படித்தபோது எனக்குக் குழப்பம்தான் வந்தது. எலக்ட்ரான் எப்படி இளைத்துப்போகும்? இந்த 0.067 எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு சின்னக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். பள்ளி அளவு வகைநுண்கணிதமும், கொஞ்சம் பைத்தானும் போதும்.

படி 1: வளைவு எப்படி நிறையாகிறது?

படிகத்துக்குள் எலக்ட்ரானை அதன் அலைத்திசையன் k-ஐ வைத்துத்தான் அடையாளம் காண்கிறோம். ஒவ்வொரு k-க்கும் ஓர் ஆற்றல் E உண்டு. k-ஐக் கிடை அச்சிலும் E-ஐச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைந்தால் கிடைக்கும் கோடுதான் ஆற்றல் பட்டை. நமக்குத் தேவையான விதிகள் இரண்டே இரண்டு, இவற்றில் ħ என்பது பிளாங்க் மாறிலியை 2π-ஆல் வகுத்த எண்:

```
v = (1/ħ) dE/dk        (வேகம் = கோட்டின் சாய்வு)
F = ħ dk/dt            (விசை k-ஐ நகர்த்துகிறது)
```

மின்புலம் தள்ளும்போது k சீராக நகர்கிறது. எந்தப் பொருளாக இருந்தாலும், ஒரே விசைக்கு ஒரே நகர்வுதான். ஆனால் வேகம் என்பது சாய்வு. கோடு ஆழமான கிண்ணம்போல இறுக்கமாக வளைந்திருந்தால், k கொஞ்சம் நகர்ந்தாலே சாய்வு வெகுவாகக் கூடிவிடும், வேகமும் கூடும். கோடு தாம்பாளம்போலப் படுத்திருந்தால், k அதே அளவு நகர்ந்தும் சாய்வு ஏறக்குறைய பூச்சியத்திலேயே நிற்கும். லேசாகத் தள்ளியதும் ஓடும் பொருளை எடை குறைந்தது என்கிறோம், தள்ளியும் அசையாததைக் கனமானது என்கிறோம். இங்கேயும் அதே பேச்சுதான். இரண்டு விதிகளையும் சேர்த்தால்:

```
1/m* = (1/ħ²) d²E/dk²
```

ஆக வளைவு கூடினால் நிறை குறையும். எலக்ட்ரான் உண்மையில் இளைக்கவில்லை. படிகத்தின் அணுக்கள் எலக்ட்ரான் மேல் செலுத்தும் விசைகளை நாம் தனியாகக் கணக்கில் எடுக்கவில்லை, அவற்றின் விளைவு முழுவதும் m* என்ற ஒரே எண்ணுக்குள் போய்விட்டது. அதனால்தான் 'பயனுறு' நிறை என்று பெயர்.

படி 2: எண்களை எடுத்துக்கொள்வோம்

பட்டையின் அடிமட்டத்துக்கு மிக அருகில் கோடு பரவளையம்போல இருக்கும். வெற்றிடத்தில் இருக்கும் எலக்ட்ரானின் நிறையை m0 என்று எழுதினால், அங்கே ஒரு வசதியான வடிவம் உண்டு:

```
E = 3.81 × k² / (m*/m0)
```

k-ஐ Å⁻¹ அலகிலும் E-ஐ eV அலகிலும் வைத்தால் ħ²/2m0 என்பது 3.81 ஆகிவிடும். இந்த ஓர் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

கீழே உள்ளவை காலியம் ஆர்சனைடின் கடத்துப் பட்டை அடியில் எப்படி வளைகிறதோ அதைத் தழுவி நான் கணக்கிட்டுவைத்த எண்கள். ஆற்றலை அடிமட்டத்திலிருந்து அளந்திருக்கிறேன்.

```
k (Å⁻¹)    E (meV)
0.000       0.00
0.005       1.42
0.010       5.667
0.015      12.697
0.020      22.44
```

முதலில் கையால் ஒரு புள்ளியைப் போட்டுப் பார்ப்போம். k = 0.010 என்றால் k² = 0.0001. அதை 3.81-ஆல் பெருக்கினால் 0.000381. E-ஐ eV-க்கு மாற்றினால் 0.005667. வகுத்தால் 0.0672. புத்தகத்து எண் கிட்டத்தட்ட வந்துவிட்டது.

படி 3: எல்லாப் புள்ளிகளையும் பொருத்துவது

ஒரே புள்ளியை நம்பினால், அதில் உள்ள சிறு பிழையும் நேரடியாக விடைக்குள் வந்துவிடும். E-ஐ k²-க்கு எதிராக வரைந்தால் நேர்கோடு கிடைக்க வேண்டும், அதன் சாய்விலிருந்து நிறையை எடுக்கலாம்:

```python
import numpy as np
k = np.array([0, 0.005, 0.010, 0.015, 0.020])
E = np.array([0, 1.42, 5.667, 12.697, 22.44]) / 1000
s = np.polyfit(k**2, E, 1)[0]
print(3.81 / s)
```

விடை ஏறக்குறைய 0.068. 0.067 வராமல் ஏன் கொஞ்சம் கூடியது? மேலே போகப் போகக் கோடு பரவளையத்தைவிட்டு மெல்லப் படுக்கத் தொடங்குகிறது. k = 0.020 புள்ளியை மட்டும் எடுத்தால் நிறை 0.0679. அந்தப் புள்ளி மொத்த விடையையும் தன் பக்கம் இழுத்துவிட்டது.

நான் மாட்டிக்கொண்ட இடம்

இந்தக் கணக்கை நான் முதலில் செய்தபோது எனக்கு 0.085 வந்தது. நிரலை நாலு முறை பார்த்தேன், தப்பு எதுவும் கண்ணில் படவில்லை. தப்பு நிரலில் இல்லை, புள்ளிகளில் இருந்தது. பட்டை முழுவதையும் வரைவதற்காக எடுத்த கோப்பில் k இடைவெளி ஏறத்தாழ 0.1 Å⁻¹ இருந்தது. படம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அடிமட்டத்துக்கு அடுத்த புள்ளியே 447 meV உயரத்தில் இருந்தது. அறை வெப்பநிலையில் எலக்ட்ரானின் வெப்ப ஆற்றல் வெறும் 26 meV அளவுதான். அதாவது எலக்ட்ரான் எட்டிக்கூடப் பார்க்காத இடத்தின் வளைவை நான் அளந்துகொண்டிருந்தேன்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. கடைசிப் புள்ளியை நீக்கிவிட்டு மறுபடி பொருத்திப் பாருங்கள். விடை கணிசமாக நகர்ந்தால் நீங்கள் பரவளையத்துக்கு வெளியே இருக்கிறீர்கள், இன்னும் உள்ளே வர வேண்டும்.

இன்னொரு பொறி, 2π. சில மென்பொருள்கள் k-ஐ 2π/a அலகில் தரும், a என்பது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் கனசதுரத்தின் பக்க நீளம். 2π-ஐ மறந்து வெறும் 1/a-ஆல் பெருக்கிவிட்டால் நிறை 39.5 மடங்கு குறைந்துபோகும், 0.067-க்குப் பதில் 0.0017 வரும். அப்படி நம்ப முடியாத சின்ன எண் வந்தால் வேறெங்கும் தேடவேண்டாம், நேராக அலகுக்குப் போங்கள்.

படி 4: துளைகளுக்கு

கடத்துப் பட்டைக்குக் கீழே, எலக்ட்ரான்கள் ஏறக்குறைய நிரம்பியிருக்கும் இணைதிறன் பட்டையின் உச்சியில் கோடு கவிழ்த்த கிண்ணம். வளைவு எதிர்க்குறி, ஆகவே அங்கே இருக்கும் எலக்ட்ரானின் m* எதிர்க்குறி. விசை ஒரு பக்கம் தள்ள, எலக்ட்ரான் மறுபக்கம் முடுக்கம் பெறும். கேட்கவே விநோதமாக இருக்கும். ஆனால் முடுக்கத்தைத் தீர்மானிப்பது மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதம். மின்னூட்டமும் எதிர்க்குறி, நிறையும் எதிர்க்குறி என்றால் விகிதம் நேர்க்குறி. ஆக, ஏறக்குறைய நிரம்பிய பட்டையில் காலியாக இருக்கும் ஓர் இடத்தை, நேர் மின்னூட்டமும் நேர் நிறையும் உள்ள துகள் என்று பேசினால் கணக்கு அப்படியே ஒத்துப்போகிறது. அதுதான் துளை. நிரலில் எதிர்க்குறி விடை வந்தால் பதறாமல் குறியை மாற்றிக்கொள்ளுங்கள்.

காலியம் ஆர்சனைடில் உச்சியில் இரண்டு கோடுகள் ஒன்றாகத் தொட்டு நிற்கும். படிகக் கனசதுரத்தின் விளிம்பு வழியான [100] திசையில் k = 0.020-இல் ஒரு கோடு 4.35 meV மட்டுமே இறங்கியிருக்கும், இன்னொன்று 16.9 meV. அதே வாய்ப்பாட்டைப் போட்டால் முதல் கோட்டுக்கு 0.35, இரண்டாவதற்கு 0.09. இவற்றைத்தான் கனத் துளை, இலகு துளை என்கிறார்கள்.

திசையைக் கனசதுரத்தின் மூலைவிட்டமான [111]-க்கு மாற்றினால் கனத் துளையின் நிறை ஏறக்குறைய 0.89 ஆகிவிடும். பொருளும் பட்டையும் மாறவில்லை, தள்ளும் திசை மட்டும்தான் மாறியது. புத்தகத்தில் காணும் 0.5 என்பது திசைகளைச் சராசரி செய்த எண். உங்கள் விடை அதோடு பொருந்தவில்லை என்றால், எந்தத் திசையில் கணக்கிட்டீர்கள் என்பதை முதலில் பாருங்கள்.

சிலிக்கானில் எலக்ட்ரானுக்கே இந்தத் திசைச் சிக்கல் உண்டு. அதன் கடத்துப் பட்டையில் ஆறு பள்ளங்கள், ஒவ்வொன்றும் ஒரு திசையில் நீண்ட முட்டை வடிவம். நீளவாக்கில் நிறை 0.98, குறுக்கே 0.19. மின்னோட்டத்துக்குத் தேவையான நிறை வேண்டுமானால் நிறைகளை அல்ல, அவற்றின் தலைகீழ்களைச் சராசரி எடுக்க வேண்டும், ஏனென்றால் முடுக்கத்தில் வருவது 1/m*:

```
3 / (1/0.98 + 2/0.19) = 0.26
```

படி 5: நிறையிலிருந்து இயக்க எண்ணுக்கு

மின்னூட்டத் துகள் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பதை அளப்பது இயக்க எண்:

```
μ = e τ / m*
```

τ என்பது இரண்டு மோதல்களுக்கு இடைப்பட்ட சராசரி நேரம். தூய்மையான காலியம் ஆர்சனைடில் அறை வெப்பநிலையில் எலக்ட்ரானின் இயக்க எண் சுமார் 8500 cm²/Vs, துளைக்குச் சுமார் 400. அதாவது 21 மடங்கு வித்தியாசம். ஆனால் நிறைகளை ஒப்பிட்டால் (0.5-க்கு 0.067) ஏழரை மடங்குதான் வருகிறது. மீதி எங்கே போனது?

மீதி τ-வில் இருக்கிறது. மேலே உள்ள வாய்ப்பாட்டைத் திருப்பிப் போட்டால் எலக்ட்ரானுக்கு 0.32 பிக்கோ விநாடி, துளைக்கு 0.11 பிக்கோ விநாடி. இதற்கும் ஒரு முக்கியக் காரணம் வளைவேதான். படுத்த பட்டையில் ஒரே ஆற்றல் அளவுக்குள் நிறைய நிலைகள் அடைந்து கிடக்கும். மோதிய துகள் தாவிச் செல்ல இடம் தாராளம், அதனால் மோதல் அடிக்கடி நடக்கும். கனமான துகள் மெதுவாக வேகம் பிடிப்பது போதாதென்று, அடிக்கடி தடுக்கியும் விழுகிறது. இயக்க எண் நிறைக்கு எதிர்விகிதத்தில் மட்டும் மாறும் என்று எண்ணிக்கொண்டு இரண்டு பொருள்களை ஒப்பிட்டால், பெரும்பாலும் இங்கேதான் சறுக்கும்.

அதே பட்டையில் கொஞ்சம் மேலே

இதுவரை பட்டையின் அடிமட்டத்தையே பார்த்தோம். காலியம் ஆர்சனைடில் அந்த அடிமட்டத்திலிருந்து சுமார் 0.29 eV உயரத்தில், வேறு k-க்களில், பக்கப் பள்ளங்கள் இருக்கின்றன. அவற்றின் வளைவு குறைவு, எனவே நிறை பல மடங்கு அதிகம். மின்புலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் எலக்ட்ரான்கள் சூடேறி, ஒரு கட்டத்தில் அந்தப் பள்ளங்களுக்குத் தாவத் தொடங்கும். அங்கே போனதும் நடை தளர்ந்துவிடும். விளைவு, மின்புலம் கூடக் கூட எலக்ட்ரான்களின் சராசரி வேகம் குறைகிறது. சென்டிமீட்டருக்கு 3000 வோல்ட்டைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் இது தொடங்கும்.

1960-களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் ஜே. பி. கன் காலியம் ஆர்சனைடு துண்டில் நிலையான மின்னழுத்தத்தைக் கொடுத்தபோது, மின்னோட்டம் தானாகவே நுண்ணலை அதிர்வெண்ணில் அலைவதைக் கண்டார். அந்த அலைவுக்குக் காரணம் மேலே சொன்ன தாவல்தான். அதைப் பயன்படுத்தும் கன் டையோடில் வழக்கமான p-n சந்தி கிடையாது. உள்ளே இருப்பது ஒரே வகைப் பொருள், அதன் பட்டையில் ஆழமான ஒரு கிண்ணமும், சற்று மேலே சில தாம்பாளங்களும்.