கசப்பில்லாமல் பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பிலிருந்து விலகுவது எப்படி? படிப்படியாக

குழுவில் ஒரு முடிவு உங்களுக்கு ஒப்பவில்லை. பேசிப் பார்த்தீர்கள், பெரும்பான்மை வேறு பக்கம் போய்விட்டது. இனி அங்கே இருந்து வேலை செய்ய முடியாது என்று தீர்மானித்தும் விட்டீர்கள். அதற்குப் பிறகு செய்ய வேண்டியதுதான் இந்தப் பதிவு. விலகலாமா வேண்டாமா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை.

ஓர் உதாரணத்தை வைத்தே போவோம். நீங்கள் கழகத்தின் பொருளாளர். நூலக அலமாரிக்கும் புத்தகத்துக்கும் என்று பெற்றோரிடம் பணம் திரட்டினீர்கள். ஜூலை முதல் வாரக் கூட்டத்தில், அந்தப் பணத்தில் ஆண்டு விழாவுக்கு ஒலிபெருக்கி வாங்கலாம் என்று பெரும்பான்மை முடிவு செய்தது. உங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை.

படி 1: கருத்து வேறுபாட்டைக் கூட்டக் குறிப்பேட்டில் ஏற்றுங்கள்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். மனதில் இருப்பதையெல்லாம் ராஜினாமா கடிதத்தில் கொட்டிவிடுகிறார்கள். கடிதம் படித்தவர் பதிலுக்குத் தன் நியாயத்தை எழுதுவார், அதற்கு நீங்கள் பதில் எழுதுவீர்கள், விலகல் ஒரு விசாரணையாக மாறிவிடும். இன்னொரு சிக்கல், ராஜினாமா கடிதம் கோப்பில் தனியாகக் கிடக்கும். அடுத்த வருடம் நூலகப் பணம் என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால், அவர்கள் புரட்டப்போவது கூட்டக் குறிப்பேட்டை. உங்கள் கருத்து இருக்க வேண்டிய இடம் அதுதான்.

கூட்டத்திலேயே, தீர்மானம் நிறைவேறியவுடன், "என் மாறுபட்ட கருத்தையும் பதிவு செய்யுங்கள்" என்று செயலாளரிடம் சொல்லுங்கள். அந்த நேரத்தில் தோன்றவில்லை என்றால் இரண்டு மூன்று நாளுக்குள் எழுத்தில் கேளுங்கள். நீங்களே வாசகத்தைத் தயாராகக் கொடுத்துவிடுவது நல்லது. செயலாளர் தன் சொற்களில் எழுதினால் "பொருளாளர் எதிர்த்தார்" என்று மட்டும் நிற்கும். வாசகம் இப்படி இருக்கலாம்:

"நூலகத்துக்கென்று பெற்ற தொகையை வேறு செலவுக்கு மாற்றும் முன் தொகை கொடுத்த பெற்றோரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பது பொருளாளரின் கருத்து. அதனால் இத்தீர்மானத்தில் அவர் உடன்படவில்லை."

இதில் யார் பெயரும் இல்லை. "அவசரப்பட்டு", "வேண்டுமென்றே" போன்ற அடைமொழிகள் இல்லை. என்ன முடிவு, அதில் உங்களுக்கு என்ன தயக்கம் என்ற இரண்டு மட்டுமே இருக்கின்றன. உங்கள் வாசகத்திலிருந்து அடைமொழிகளை எடுத்தபின் எதுவும் மிஞ்சவில்லை என்றால், அது கருத்து வேறுபாடு ஆகாது, கோபம்தான்; ஆறும்வரை எழுதாமல் இருங்கள்.

குறிப்பு எழுதியதோடு வேலை முடியவில்லை. பெரும்பாலான குழுக்களில் ஒரு கூட்டத்தின் குறிப்பை அடுத்த கூட்டத்தில் படித்து ஒப்புதல் பெறுவார்கள். அதற்குள் நீங்கள் விலகிவிட்டால் உங்கள் வரி விடுபட்டாலும் கேட்க ஆளிருக்காது. எனவே ஒன்று, அடுத்த கூட்டம்வரை பொறுப்பில் இருங்கள். இல்லையென்றால் வாசகத்தை மின்னஞ்சலில் அனுப்பி, "கிடைத்தது, சேர்க்கப்பட்டது" என்று செயலாளரின் பதிலை வாங்கி வையுங்கள்.

படி 2: எதிலிருந்து விலகுகிறீர்கள்?

பொருளாளர் ஒருவர் ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் இருக்கிறார்: பொருளாளர் பதவி, செயற்குழு உறுப்பினர், கழகத்தின் சாதாரண உறுப்பினர். "கழகத்திலிருந்து விலகுகிறேன்" என்று எழுதினால் மூன்றும் போகிறதா, ஒன்று மட்டுமா என்று யாருக்கும் தெரியாது. பிள்ளை அங்கே படிக்கும்வரை பொதுக்குழுவில் பேசவும் வாக்களிக்கவும் உள்ள உரிமையை நீங்கள் விடவேண்டிய அவசியமே இல்லை. ஆகவே முதல் இரண்டையும் பெயர் சொல்லி விடுங்கள், மூன்றாவது தொடரும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

படி 3: தேதி

"உடனடியாக விலகுகிறேன்" என்பது கோபத்தின் சொல். அதோடு நடைமுறையிலும் தொல்லை: காசோலையில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டிய கணக்கில் ஒருவர் இல்லாமல் போனால் எல்லாப் பணமும் நின்றுவிடும், பழி உங்கள்மேல் விழும்.

விதிமுறையில் முன்னறிவிப்புக் காலம் இருக்கிறதா, கடிதம் கொடுத்தாலே போதுமா, குழு ஏற்றுக்கொண்டால்தான் செல்லுமா என்று முதலில் பாருங்கள். எதுவும் சொல்லப்படவில்லை என்றால் மூன்று வாரம் போதும். மாதக் கடைசி நாளை வைப்பது என் பரிந்துரை. அந்த மாத வங்கி அறிக்கையோடு கணக்கை ஒரே கோட்டில் வெட்டலாம். நம் உதாரணத்தில் ஜூலை 10 கடிதம், ஜூலை 31 விலகும் நாள்.

படி 4: கடிதம்

> பெறுநர்: தலைவர், பெற்றோர் ஆசிரியர் கழகம்
> நகல்: செயலாளர், தலைமையாசிரியர்
> பொருள்: பொருளாளர், செயற்குழு உறுப்பினர் பொறுப்புகளிலிருந்து விலகுதல்
>
> மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,
>
> வணக்கம். நான் வகிக்கும் பொருளாளர் பொறுப்பிலிருந்தும் செயற்குழு உறுப்பினர் பொறுப்பிலிருந்தும் ஜூலை 31 அன்று விலகுகிறேன். கழகத்தின் பொது உறுப்பினராகத் தொடர்வேன்.
>
> ஜூலை 31 வரையிலான கணக்கையும் ஆவணங்களையும் குழு குறிப்பிடும் உறுப்பினரிடம் பட்டியலோடு ஒப்படைப்பேன். வங்கிக் கணக்கில் கையொப்பதாரரை மாற்றுவதற்கான தீர்மானத்தை அதற்குள் நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> இப்பொறுப்பில் உடன் பணியாற்றிய அனைவருக்கும் நன்றி.

அவ்வளவுதான். காரணம் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். "தனிப்பட்ட காரணங்களால்" என்று எழுதுவது வழக்கம், ஆனால் கூட்டத்தில் நடந்தது எல்லாருக்கும் தெரிந்திருக்கும்போது அது உண்மையற்றதாகவே படும். காரணம் குறிப்பேட்டில் இருக்கிறது, கடிதத்துக்குத் தேவையில்லை. "இப்படியே போனால் விலக நேரிடும்" என்பது மிரட்டல். அதை யாரும் ராஜினாமாவாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நன்றியையும் ஒரு வரிக்குமேல் நீட்டாதீர்கள். நீட்டினால் குத்தலாகத் தோன்றும்.

கருத்து வேறுபாடு தலைவரோடுதான் என்றாலும் கடிதம் தலைவருக்கே போகட்டும். அவரைத் தாண்டிப் போனால் அதுவே புது மனத்தாங்கல். நீங்களே தலைவர் என்றால் செயலாளருக்கு எழுதுங்கள்.

கையெழுத்திட்ட தாள் ஒன்று, அதையே ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் ஒன்று. வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடவே போடாதீர்கள். அங்கே முதல் வரி மட்டும் வெட்டப்பட்டுப் படமாகப் பரவும், தலைவர் படிக்கும் முன் நாற்பது பேர் கருத்துச் சொல்லியிருப்பார்கள். இன்னொன்று, கடிதத்தைப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்ப வேண்டாம். இந்த விஷயத்தைப் பிள்ளை தூக்கிப்போகக் கூடாது.

அனுப்புவதற்கு முந்தைய நாள் தலைவரிடம் நேரிலோ போனிலோ சொல்லிவிடுங்கள்: "சார், நாளைக்குக் கடிதம் கொடுக்கிறேன். மாதக் கடைசி வரைக்கும் இருந்து கணக்கை முடித்துத் தருகிறேன்." தீர்மானத்தைப் பற்றி அவர் மறுபடி பேச ஆரம்பித்தால், "அது குறிப்பேட்டில் இருக்கட்டும் சார், ஒப்படைப்பைப் பேசுவோம்" என்றால் போதும்.

படி 5: ஒப்படைப்பு

ரொக்கப் புத்தகம், ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகள், செலவுச் சீட்டுகள், பயன்படுத்தாத காசோலைகள் (எண்களோடு), கையிருப்புப் பணம். இவை எல்லாருக்கும் தெரியும். தகராறு வருவது வங்கி இருப்பில். ஜூலை 31 அறிக்கையில் 48,600 இருக்கிறது, உங்கள் ரொக்கப் புத்தகம் 42,100 என்கிறது. இடையிலுள்ள 6,500, நீங்கள் ஜூலை 28 அன்று அச்சகத்துக்குக் கொடுத்து, இன்னும் வங்கிக்கு வராத காசோலை. இதை ஒரே வரியில் ஒப்படைப்புப் பட்டியலில் எழுதாவிட்டால், ஆகஸ்டில் 6,500 குறையும்போது எங்கே போயிற்று என்ற கேள்வி நீங்கள் இல்லாத கூட்டத்தில் எழும். பட்டியலை இரண்டு பிரதி எடுத்து, கொடுப்பவர், வாங்குபவர், சாட்சி என மூவரும் கையெழுத்திடுங்கள்.

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்வார்கள். எவ்வளவு நெருக்கமானவர் கேட்டாலும் கூடாது.

எளிதில் மறந்துபோவது வங்கியில் பதிந்த கைபேசி எண். உங்கள் எண் அங்கே இருக்கும்வரை ஓடிபி உங்களுக்கே வரும், ஒவ்வொரு முறையும் புதிய பொருளாளர் உங்களையே அழைப்பார். கையொப்பம் மாற்றும்போதே எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் மட்டுமே நிர்வாகி என்றால், இன்னொருவரை நிர்வாகியாக்கிவிட்டு வெளியேறுங்கள்.

வாசகர்கள் கேட்டதால் சேர்த்தவை

*விலகும் நாளுக்கு முன் அதே ஒலிபெருக்கிக்கான காசோலை கையெழுத்துக்கு வந்தால்?* தீர்மானம் விதிமுறைக்கு உட்பட்டது, உங்கள் மாறுபட்ட கருத்தும் பதிவாகியிருக்கிறது என்றால் கையெழுத்திடலாம். குழுவின் முடிவை நிறைவேற்றுவதுதான் அது, ஒப்புக்கொண்டதாக ஆகாது. மனம் ஒப்பவில்லை என்றால் கையொப்பதாரரை முதலில் மாற்றச் சொல்லுங்கள், காசோலையைக் கையில் வைத்துக்கொண்டு இழுத்தடிக்காதீர்கள். விதிமுறையையே மீறிய செலவு என்றால் கையெழுத்திட வேண்டாம். "இந்த விதியின்படி இது கூடாது" என்று எழுத்தில் திருப்பி அனுப்புங்கள்.

*பணம் காணாமல் போயிருந்தால்?* அப்போது இந்தப் பதிவின் வழி பொருந்தாது. விலகும் முன்பே தணிக்கை வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். நீங்கள் பொறுப்பில் இருந்த காலத்துக் கணக்குக்கு, விலகிய பிறகும் உங்களிடம் கேள்வி வரும்.

*பள்ளி வாசலில் மற்ற பெற்றோர் ஏன் என்று கேட்டால்?* "பொறுப்பை விட்டுவிட்டேன், கணக்கெல்லாம் ஒப்படைத்தாயிற்று. கூட்டத்தில் என்ன பேசினோம் என்பது குறிப்பேட்டில் இருக்கிறது, செயலாளரிடம் கேளுங்கள்." எல்லாரிடமும் இதே பதில், நெருங்கிய நண்பரிடமும் இதே பதில். ஆளுக்கொரு விதமாகச் சொன்னால் மூன்றாம் நாளே ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

*தலைவர் கடிதத்தை வாங்க மறுக்கிறார்.* "யோசியுங்கள்" என்று திருப்பிக் கொடுப்பதும் இதில் அடக்கம். வாதம் வேண்டாம். அன்றைக்கே அதே கடிதத்தை மின்னஞ்சலில் தலைவர், செயலாளர், தலைமையாசிரியர் மூவருக்கும் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும் விரைவுத் தபாலிலும் ஒரு பிரதி அனுப்புங்கள். குழு ஏற்றால்தான் செல்லும் என்று விதி இருந்தால், அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லிச் செயலாளருக்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள். அந்தக் கூட்டம் முடியும்வரை நீங்கள்தான் பொருளாளர். ரசீது எழுதுவதை நிறுத்தாதீர்கள்.