பெல்ட், மணிக்கூடு, பை: மண்ணிறங்களைச் சேர்த்து வைத்த விதம்

வெள்ளைச் சேட்டும் கடல்நீலக் காற்சட்டையும் போட்டால் என் மூன்று பொருள்களும் ஒன்றோடொன்று முரண்பட்டன. பெல்ட் கரு மண்ணிறம், அதன் பக்கிள் பொன்னிறம். மணிக்கூடு ஸ்டீல், பட்டி செம்மண்ணிறம். பை வெளிர் மண்ணிறம்.

கடை விளக்கில் எல்லா மண்ணிறமும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் காலை வெளிச்சத்தில், விறாந்தையில், வெள்ளைத் துணி விரித்து மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். பையும் பெல்ட்டும் மஞ்சள் சாயல். பட்டி மட்டும் சிவப்புச் சாயல். அடர்த்தி கொஞ்சம் மாறலாம், சாயல் மாறினால்தான் கண்ணை உறுத்தும். ஆகவே பட்டியைத்தான் மாற்றினேன். பட்டியை மாட்டும் மணிக்கூட்டுக் காதுகளின் இடைவெளி 20 மி.மீ., பட்டியும் அதே அகலம் வேண்டும். 18 வாங்கினால் இரு பக்கமும் இடைவெளி தெரியும்.

பையை நிறக் கிறீம் பூசி ஒரு படி கருமையாக்க, முதலில் உட்புற ஓரத்தில் ஒரு துளி தண்ணீர் விட்டேன். தோல் அதை உறிஞ்சிக் கறுத்தது, எனவே கிறீமும் ஏறும். துளி அப்படியே உருண்டு நின்றால் மேற்பூச்சு உள்ளது என்று அர்த்தம், கிறீம் வீண். மெல்லியதாக ஒரு பூச்சு, ஓர் இரவு காயவிடல், பிறகு வெள்ளைத் துணியில் நிறம் ஒட்டாமல் போகும்வரை துடைப்பு. இதைத் தவறவிட்டால் எங்கள் வெயிலில் வியர்வையோடு சாயம் சேட்டில் இறங்கும்.

உலோகத்தில் மணிக்கூடே அளவுகோல், அதன் ஸ்டீல் உடலை மாற்ற முடியாது. பெல்ட்டின் பொன்னிறப் பக்கிள் திருகாணியில் கழன்று வந்ததால், அதற்குப் பதிலாக 35 மி.மீ. ஸ்டீல் பக்கிள் போட்டேன். கல்யாண மோதிரம் பொன்னாகவே இருக்கட்டும், அது இந்தக் கணக்கில் சேராது.