சைகை மொழியில் வாக்கியம் எங்கே தடுக்கி விழுகிறது?

இந்திய சைகை மொழி கற்க வருபவர்கள் அம்மா, தண்ணீர், பள்ளிக்கூடம் என்று சைகைகளைச் சீக்கிரமே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். சிக்கல் அவற்றைக் கோக்கும்போது வருகிறது. தமிழ் வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு, சொல்லுக்கு ஒரு சைகை என்று அடுக்குவார்கள். காது கேளாத நண்பர் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருப்பார், ஆனால் பாதிதான் புரிந்திருக்கும்.

‘நீ எப்போது சென்னை போகிறாய்?’ என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். தமிழில் ‘எப்போது’ நடுவில் வருகிறது. இந்திய சைகை மொழியில் கேள்விச் சொல்லின் இயல்பான இடம் கடைசி: நீ, சென்னை, போ, எப்போது. அந்த ‘எப்போது’ பெரும்பாலும் நேரம் என்ற சைகையும், பொதுவான வினாச் சைகையும் சேர்ந்தது. நேரத்துக்குப் பதில் இடம் என்ற சைகையைச் சேர்த்தால் ‘எங்கே’, முகம் என்பதைச் சேர்த்தால் ‘யார்’. காலம் காட்ட வினைச்சைகை உருமாறுவதும் இல்லை. நேற்று, நாளை போன்ற சொற்கள் வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்து காலத்தைச் சொல்லிவிடும். செயல் முடிந்துவிட்டது என்று காட்ட வினைக்குப் பின்னால் தனியாக ஒரு சைகை உண்டு.

அடுத்த தவறு, கையை மட்டும் பார்ப்பது. ‘நீ சாப்பிட்டாய்’, ‘நீ சாப்பிட்டாயா?’ இரண்டுக்கும் கைச்சைகைகள் ஒன்றாகவே இருக்கலாம். வித்தியாசம் முகத்தில் இருக்கிறது. கேள்வி என்றால் கண் விரியும், தலை சற்று முன்னால் சாயும், பார்வை எதிரில் இருப்பவர் மீதே நிற்கும். தமிழில் ‘ஆ’ என்ற ஒற்றை எழுத்து செய்கிற வேலை இது. இதை உணர்ச்சி வெளிப்பாடு என்று நினைத்து, வெட்கத்தில் முகத்தை அசைக்காமல் வைத்திருப்பவர்கள் கேள்வியே கேட்கவில்லை என்று அர்த்தம். கடைசி நொடியில் மட்டும் புருவத்தைத் தூக்கினாலும் போதாது, அது வாக்கியம் முழுக்கத் தொடர வேண்டும். (தொலைக்காட்சிச் செய்தியில் மொழிபெயர்ப்பாளரை மூலையில் தபால்தலை அளவில் போடுகிறார்களே, அதில் முதலில் காணாமல் போவது இந்த இலக்கணம்தான்.)

மூன்றாவதுதான் பலரையும் அதிகம் திணறடிப்பது: இடம். ‘டீச்சர் மாணவனுக்குப் புத்தகம் கொடுத்தார்’ என்று சொல்ல வேண்டும். டீச்சரைச் சைகையால் சொல்லி, உங்களுக்கு வலப்பக்கம் ஒரு இடத்தைச் சுட்டுகிறீர்கள். மாணவனைச் சொல்லி இடப்பக்கம் சுட்டுகிறீர்கள். அப்புறம் புத்தகம். ‘கொடு’ என்ற சைகை வலமிருந்து இடமாக நகர்கிறது. யார் யாருக்குக் கொடுத்தார் என்பதை அந்தத் திசையே சொல்லிவிடுவதால் ‘-க்கு’ போன்ற வேற்றுமை உருபு தேவைப்படாது. கையை இடமிருந்து வலமாக நகர்த்தினால் கொடுத்தவன் மாணவனாகிவிடுவான். இனி அந்தப் பேச்சு முடியும்வரை இடப்பக்கம் விரலைக் காட்டினால் அது மாணவன். அவன், அவள், அவர் என்ற பிரிவும் அந்தச் சுட்டலில் இல்லை.

இதில் இரண்டு விதமாகத் தடுமாறுவார்கள். யாரை எங்கே வைத்தோம் என்பதைப் பாதியில் மறந்து பக்கம் மாற்றிவிடுவது ஒன்று. எதிரில் இருப்பவர் திரும்பத் திரும்ப ‘யார்?’ என்று கேட்டால் இதுதான் நடந்திருக்கிறது. இன்னொன்று பார்க்கும்போது வருவது. இடங்கள் சைகை செய்பவரின் கோணத்தில்தான் அமையும். அவருக்கு வலம், எதிரே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இடமாகத் தெரியும். உங்கள் பக்கத்திலிருந்து பார்த்து ‘வலப்பக்கம் இருந்தவர்’ என்று நினைவில் வைத்தால் அர்த்தம் தலைகீழாகிவிடும்.

சைகை மொழி என்பது பேச்சு மொழியைக் கையால் எழுதிக் காட்டுவது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. அமெரிக்காவும் பிரிட்டனும் பேசுவது ஆங்கிலம். ஆனால் இரு நாட்டுச் சைகை மொழிகளும் ஒன்றுக்கொன்று புரியாத அளவு வேறானவை. 1817-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் தொடங்கிய காது கேளாதோர் பள்ளிக்குப் பிரான்ஸிலிருந்து லோரான் கிளெர்க் என்ற காது கேளாத ஆசிரியர் வந்ததால், அமெரிக்கச் சைகை மொழிக்கு நெருங்கிய உறவு பிரெஞ்சுச் சைகை மொழியோடுதான். விரலால் எழுத்துக் காட்டுவதும் பெயர்களுக்கும், சைகை இல்லாத சொற்களுக்கும் பயன்படுவது. முழு வாக்கியத்தையும் அப்படி எழுத்தெழுத்தாகக் காட்டினால் அது எழுத்துக்கூட்டல் மட்டுமே.

நம் பக்கம் நிலைமை அமெரிக்கா, பிரிட்டனுக்கு நேர்மாறு. தமிழ் வீட்டில் வளர்ந்தவரும் இந்தி வீட்டில் வளர்ந்தவரும் சைகையில் பேசிக்கொள்ளும்போது வாக்கிய அமைப்பு பெரிதும் ஒன்றுதான், ஊருக்கு ஊர் மாறுவது சொற்கள். டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2021-இல் வெளியிட்ட அகராதியில் 10,000 சொற்கள் இருக்கின்றன. அதில் பார்த்த ஒரு சைகையை உள்ளூர்க்காரர் வேறு மாதிரி செய்தால் அவரைத் திருத்தாதீர்கள். அவர் ஊரில் வழக்கில் இருப்பது அதுவாக இருக்கும்.